வீட்டுக் கடனில் 3 லட்சத்தை முன்கூட்டியே கட்டினால் எத்தனை தவணை குறையும்? நீங்களே கணக்குப் போடும் வழி

தங்கை வீட்டில் சீட்டு முடிந்து 3 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்று தங்கையும் மாப்பிள்ளையும் வங்கிக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இஎம்ஐயைக் குறைக்கணுமா, இல்ல காலத்தைக் குறைக்கணுமா?" இருவருக்கும் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஒரு கேள்விக்கான பதிலில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் இருந்தது.

கணக்கு சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் கடனைக் கொஞ்சம் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். கடன் 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு, அதாவது 240 தவணை. மாதத் தவணை 26,035 ரூபாய். மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது, 36 தவணை முடிந்திருக்கிறது.

முதலில் இன்றைய அசல் பாக்கி

எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. 'இதுவரை கட்டியது போக மீதி' என்று மனக்கணக்குப் போடாதீர்கள். தங்கை 36 மாதத்தில் கட்டியது மொத்தம் 9,37,260 ரூபாய். அசலில் குறைந்ததோ 1,95,420 மட்டுமே. மீதி 7,41,840 ரூபாய் வட்டிக்குப் போயிருக்கிறது. அசல் பாக்கி இன்னும் 28,04,580. இதைப் பார்த்ததும் தங்கைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இஎம்ஐ நடக்கும் விதமே அப்படித்தான்.

ஒவ்வொரு மாதமும் வங்கி முதலில் அந்த மாதத்து வட்டியை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் அசலில் கழியும். முதல் மாதம் 30 லட்சத்துக்கு வட்டி 21,250 ரூபாய். 26,035இல் அது போக 4,785 ரூபாய்தான் அசலுக்குக் கிடைத்தது. அசல் கொஞ்சம் குறைந்ததால் அடுத்த மாத வட்டி கொஞ்சம் குறையும், அசலுக்குப் போகும் பங்கு அந்த அளவு கூடும். தொடக்கத்தில் இது நத்தை வேகத்தில் நகரும், கடைசி ஆண்டுகளில்தான் வேகம் பிடிக்கும். முன்கூட்டியே கட்டும் பணம் செய்கிற வேலை இந்த நத்தை நடையில் ஒரு பெரிய துண்டைத் தாண்ட வைப்பதுதான்.

அசல் பாக்கி எவ்வளவு என்பது கடன் ஸ்டேட்மெண்டில் இருக்கும். வங்கியின் செயலியிலும் பார்க்கலாம்.

தவணை அட்டவணையைக் கையில் எடுங்கள்

கடன் கொடுத்தபோது வங்கி ஒரு நீளமான அட்டவணை தந்திருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு தவணை. ஒவ்வொன்றிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, அந்தத் தவணை கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு என்று இருக்கும். பலர் அதைப் பத்திரங்களோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கணக்குக்குத் தேவையானது எல்லாம் அதில்தான் இருக்கிறது, சூத்திரமே வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையது மாறும் வட்டிக் கடனாக இருந்து, நடுவில் வட்டி மாறியிருந்தால் பழைய அட்டவணை செல்லாது. இன்றைய வட்டிக்கும் இன்றைய பாக்கிக்கும் புதிய அட்டவணை கேட்டு வாங்குங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை. ரெப்போ நகர்ந்தால் உங்கள் வட்டியும் நகரும். அப்போது பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டும் அல்லது சுருக்கும். மாதாமாதம் அதே தொகை பிடித்தம் ஆவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. தங்கை கடனில் வட்டி 8.5இலிருந்து 9.25 ஆகி, இஎம்ஐ அப்படியே இருந்தால், மீதமுள்ள 204 தவணை 231 ஆகிவிடும். இரண்டு ஆண்டுக்கும் மேல் சத்தமில்லாமல் கூடிப் போகும். அதனால் கணக்கு தொடங்கும் முன்னால் வட்டி விகிதம், மீதித் தவணை இரண்டையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாண்டிப் போகும் வரிசையைக் கண்டுபிடிப்பது

இஎம்ஐயை மாற்றாமல் 3 லட்சத்தை அசலில் கட்டினால் பாக்கி 28,04,580இலிருந்து 25,04,580 ஆகும். இப்போது அட்டவணையில் 36ஆம் வரிசையிலிருந்து விரலைக் கீழே நகர்த்திக்கொண்டே வாருங்கள். பாக்கி 25,04,580க்குப் பக்கத்தில் வரும் வரிசை எது என்று தேடுங்கள். தங்கை அட்டவணையில் அந்த இடம் இப்படி இருந்தது:

| தவணை | வட்டி | அசல் | கட்டிய பின் பாக்கி |
|---|---|---|---|
| 36 | 19,909 | 6,126 | 28,04,580 |
| 37 | 19,866 | 6,169 | 27,98,411 |
| … | … | … | … |
| 77 | 17,853 | 8,181 | 25,12,290 |
| 78 | 17,795 | 8,239 | 25,04,050 |

78ஆம் தவணை கட்டிய பிறகு வரவேண்டிய பாக்கிக்கு, 36ஆம் தவணை முடிந்த கையோடு வந்துவிட்டோம். இனிமேல் நடப்பது 79ஆம் வரிசையிலிருந்து அப்படியே நடக்கும், ஏனென்றால் அதே பாக்கி, அதே வட்டி, அதே இஎம்ஐ. 37 முதல் 78 வரை உள்ள 42 வரிசைகளைக் கட்டவே வேண்டாம். 204 தவணை மீதி இருந்த இடத்தில் 162தான் மீதி. மூன்றரை ஆண்டு குறைந்துவிட்டது.

உங்கள் பாக்கி எந்த வரிசையோடும் துல்லியமாகப் பொருந்தாது. இங்கே 25,04,050க்கும் 25,04,580க்கும் இடையே 530 ரூபாய் வித்தியாசம். அந்த 530 வட்டியோடு வளர்ந்து கடைசியில் 163ஆம் மாதத்தில் சுமார் 1,700 ரூபாய்க்கு ஒரு குட்டித் தவணையாக வந்து நிற்கும். வங்கியின் கணக்கில் '163 தவணை' என்று காட்டினால் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

மிச்சமாகும் வட்டி

தாண்டிய 42 வரிசைகளின் வட்டிப் பத்தியைக் கூட்டினால் மிச்சமாகும் வட்டி கிடைத்துவிடும். 42 எண்களைக் கூட்டச் சிரமமாக இருந்தால் இன்னொரு வழி. 42 தவணைக்கு மொத்தம் 42 × 26,035 = 10,93,470 ரூபாய். அதில் அசலாகக் குறைந்தது 28,04,580 − 25,04,050 = 3,00,530. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7,92,940. அந்த 530 ரூபாய்க்கு நாளடைவில் ஏறும் வட்டி 1,100 ரூபாய் அளவில் இருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் சுமார் 7.92 லட்சம்.

3 லட்சம் கட்டி 7.92 லட்சம் மிச்சம் என்றதும் மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்த 7.92 லட்சம் இன்று கைக்கு வரும் பணம் இல்லை. 162 மாதத்துக்கும், அதாவது பதிமூன்றரை ஆண்டுக்கும், மாதத் தவணை ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதன் பிறகு கட்டவேண்டியிருந்த 42 தவணைகள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். அதனால் 'இரண்டரை மடங்கு லாபம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் 3 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8.5 சதவீதம் கூட்டு வட்டி நிச்சயமாகக் கிடைக்கிறது என்பதுதான் சரியான அர்த்தம். வைப்பு நிதியோடு ஒப்பிட வேண்டுமானால் இந்த 8.5ஐ அதன் வட்டியோடு ஒப்பிடுங்கள். வைப்பு நிதி வட்டிக்கு வருமான வரி உண்டு, மிச்சமாகும் கடன் வட்டிக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இஎம்ஐயைக் குறைத்தால்?

வங்கிக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். காலத்தை 204 மாதமாகவே வைத்துக்கொண்டு இஎம்ஐயைக் குறைக்கச் சொன்னால் கணக்கு இன்னும் சுலபம். பாக்கி எந்த விகிதத்தில் குறைந்ததோ அதே விகிதத்தில் இஎம்ஐ குறையும்.

26,035 × 25,04,580 ÷ 28,04,580 = 23,250 ரூபாய்.

மாதம் 2,785 ரூபாய் மிச்சம். 204 மாதத்துக்கு 5,68,140. அதில் நீங்கள் கட்டிய 3 லட்சம் போக, வட்டியில் மிச்சமானது சுமார் 2.68 லட்சம். காலத்தைக் குறைத்தபோது கிடைத்தது 7.92 லட்சம். கட்டிய பணம் ஒன்று, வட்டி விகிதம் ஒன்று, ஆனாலும் 5.24 லட்சம் வித்தியாசம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வங்கி எந்தச் சலுகையும் தரவில்லை. காலத்தைக் குறைக்கும்போது நீங்கள் ஒவ்வொரு மாதமும் அந்த 2,785 ரூபாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அது அசலைக் கரைத்துக்கொண்டே போகிறது. இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் 2,785ஐ மாதாமாதம் நீங்களாகவே கடனில் கட்டினாலும் முடிவு அதேதான். ஆனால் அப்படிக் கட்டுகிறவர்களை நான் பார்த்தது அபூர்வம். அந்தப் பணம் வீட்டுச் செலவில் கலந்துவிடும்.

என் கருத்து இதுதான். இப்போதைய இஎம்ஐயைச் சமாளிக்க முடிகிறது என்றால் காலத்தைக் குறையுங்கள். வேலை நிலை சரியில்லை, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வரப்போகிறது, ஒரு சம்பளம் நிற்கப்போகிறது என்றால் இஎம்ஐயைக் குறைப்பதில் ஒரு தவறும் இல்லை. அப்போது 5.24 லட்சத்தை இழக்கிறோம் என்று வருந்தாதீர்கள், மாதாமாதம் மூச்சு விட இடம் கிடைப்பதற்கான விலை அது.

எப்போது கட்டுவது என்பதும் கணக்கை மாற்றும்

இதே 3 லட்சத்தைத் தங்கை பத்தாம் ஆண்டு முடிவில், 120 தவணை கட்டிய பிறகு கட்டினால்? அப்போது பாக்கி ஏறக்குறைய 21 லட்சம், 3 லட்சம் போக 18 லட்சம். மீதி 120 தவணை 95 ஆகும், கூடவே ஒரு குட்டித் தவணை. மிச்சமாகும் வட்டி சுமார் 3.43 லட்சம். மூன்றாம் ஆண்டில் கட்டினால் 7.92 லட்சம் என்பதோடு வைத்துப் பாருங்கள். பத்தாம் ஆண்டில் ஒவ்வொரு வரிசையிலும் அசலின் பங்கு பெரிதாக இருப்பதால், அதே 3 லட்சம் குறைந்த வரிசைகளைத்தான் தாண்டும்.

அதற்காகக் கையிருப்பைத் துடைத்துக் கட்டிவிடக் கூடாது. கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்டால் சாதாரண வீட்டுக் கடனில் வங்கி தராது. ஆறு மாதச் செலவுக்காவது தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதிக வட்டியில் நகைக்கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் அதை முடித்த பிறகுதான் வீட்டுக் கடன் பக்கம் வரவேண்டும்.

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வட்டி குறைந்தால் வரிச் சலுகை போய்விடாதா என்று. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் வட்டியைக் காட்ட முடியும். தங்கை கடனில் 3 லட்சம் கட்டிய பிறகும் அடுத்த 12 மாத வட்டி 2,08,900 அளவில் இருக்கிறது. அந்த ஆண்டு சலுகையில் ஒரு ரூபாய் குறையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை.

எக்செல் தெரிந்தவர்களுக்கு

அட்டவணை கையில் இல்லையென்றால் கணினியிலோ போனிலோ ஒரு விரிதாளைத் திறந்து இரண்டு வரி போட்டால் போதும்:

```
=FV(8.5%/12, 36, 26035, -3000000)
=NPER(8.5%/12, -26035, 2504580)
```

முதல் வரி 36 தவணைக்குப் பிறகு உள்ள பாக்கியைத் தரும். இஎம்ஐயை முழு ரூபாயாக்கியதால் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும். இரண்டாவது வரி, 3 லட்சம் கழித்த பாக்கிக்கு எத்தனை தவணை மீதி என்று சொல்லும். விடை 162.06 என்று வரும். அந்த 0.06தான் நாம் பார்த்த குட்டித் தவணை. கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை கோணலாக வரும், அதில் மட்டும் கவனம்.

கட்டும்போதும் கட்டிய பிறகும்

மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்காக வங்கி கட்டணம் கேட்கக் கூடாது. 2012இலேயே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் கட்டணம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும் என்று சில இடங்களில் விதி இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான வங்கிகள் தினப்படி பாக்கிக்கு வட்டி போடுகின்றன. அப்படியானால் 3 லட்சம் ஒரு நாள் தாமதித்தால் சுமார் 70 ரூபாய் வட்டி. நல்ல நாள் பார்த்துக் கட்டுவதென்றால் அந்த 70ஐயும் நினைவில் வையுங்கள்.

பணத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். 'இந்தத் தொகை முழுவதையும் அசலில் வரவு வைக்கவும், இஎம்ஐ மாறாமல் காலத்தைக் குறைக்கவும், புதிய தவணை அட்டவணை தரவும்' என்று மூன்றே விஷயம். வாயால் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் கடனில் நான் ஆன்லைனில் கட்டிய தொகையை, அசலில் கழிக்காமல் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துவிட்டார்கள். நான்கு மாதம் நான் கவனிக்கவே இல்லை. பணம் போய்ச் சேர்ந்த குறுஞ்செய்தி வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எழுதிக் கொடுத்த பிறகு, கட்டிய தேதியிலிருந்தே அசலில் வரவு வைத்து வட்டியைத் திருத்தினார்கள். தங்கை கடனில் இதே தவறு நடந்திருந்தால் நான்கு மாதத்துக்கு 8,500 ரூபாய் வட்டி வீணாகியிருக்கும்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே இடம் அடுத்த மாத ஸ்டேட்மெண்ட். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். அசல் பாக்கி, கட்டிய தேதியில் முழு 3 லட்சமும் குறைந்திருக்க வேண்டும். இஎம்ஐ மாறாமல் 26,035 ஆகவே இருக்க வேண்டும், 23,250 என்று மாறியிருந்தால் நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டார்கள் என்று பொருள். மூன்றாவதுதான் முக்கியம்: அந்த மாத வட்டி 19,866 இருந்த இடத்தில் 17,741 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியில் 30 நாள் மாதத்துக்கு 17,500, 31 நாள் மாதத்துக்கு 18,080 என்று அசையலாம். பணம் மாதத்தின் நடுவில் ஏறியிருந்தால் அந்த ஒரு மாதம் வட்டி இரண்டுக்கும் இடையில் நிற்கும், அதற்கடுத்த மாதத்தைப் பாருங்கள். அப்போதும் 19 ஆயிரத்துச் சொச்சம் என்றே இருந்தால் பணம் அசலுக்குப் போகவில்லை. ஸ்டேட்மெண்டைப் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே வங்கிக்குப் போங்கள்.

தங்கைக்கு அடுத்த மாதம் வட்டி சரியாக இறங்கி வந்தது. புதிய அட்டவணையை இப்போது பீரோவில் வைக்கவில்லை, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தவணை பிடித்தம் ஆனதும் ஒரு வரிசையைப் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறாள்.